காங்கேயம் காளைக்குத் திமில் எழுப்புவது எப்படி

என் 2D கேமில் வரும் எங்க ஊர்ப் பக்கத்து இரவுக் காட்சி ஒன்றில், தொண்டுப்பட்டியில் நிற்கும் காங்கேயம் காளைக்கு Godot 4-ல் நார்மல் மேப் போட்டேன், அதாவது பரப்பின் ஒவ்வோர் இடமும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நிறத்தால் சொல்லும் படம். லாந்தரைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் வயிறு மின்னுது, திமில் இருட்டா கிடக்குது! காரணம் பச்சை சேனல் தலைகீழாக இருந்ததுதான். Godot-ல் மேலே பார்க்கும் பரப்புக்குப் பச்சை கூடுதலாக இருக்க வேண்டும், சில மென்பொருள்கள் அதைத் திருப்பிப் போட்டுத் தருகின்றன, படத்தில் பச்சையை மட்டும் இன்வெர்ட் செய்தால் சரியாகிவிடும்.

அப்புறம், மேப்பைத் தானாக உருவாக்கும் வசதியை நம்பாதீங்க. அது வெளிச்சமான நிறத்தையே மேடு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் என் காளையின் வெள்ளை மூஞ்சி திமிலைவிட மேலே துருத்திக்கொண்டு நின்றது. இவ்வளவு சின்னப் படத்துக்குக் கையால் வரைவதே மேல். முழுவதையும் `#8080ff` நிறத்தால் நிரப்பி, திமிலின் மேல்விளிம்பில் பச்சையைக் கூட்டி, அடிவயிற்றில் குறைத்து, வலப்பக்கம் சிவப்பைக் கூட்டி, இடப்பக்கம் குறைத்தால் போதும். மூல ஓவியத்தில் ஏற்கெனவே நிழல் தீட்டியிருந்தால் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு இடம் மாறினாலும் அந்த நிழல் அங்கேயே நிற்கும்.

இத்தனையும் செய்தும் காளையின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்து உடம்பு கறுத்துக் கிடந்தால் `PointLight2D`-ன் `height` பூஜ்யமாக இருக்கும். 30 வைத்தால், 30 பிக்சல் தள்ளி நிற்கும் காளை மேல் வெளிச்சம் 45 டிகிரி சாய்வில் விழும்.