ரிட்டர்ன் பாலிசியில் ‘7 நாள்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

புதிதாக ஆன்லைனில் விற்க வருபவர்கள் ப்ரொஃபைலில் பின் செய்யும் ரிட்டர்ன் பாலிசிகளைப் படிக்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நானும் எழுதி ஒட்டிய அதே வரிகளே கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழை, நீளம், எல்லா வரியிலும் ஆச்சரியக்குறி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கைக்காசைக் கரைக்கும் தவறு வேறு.

‘7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்’

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எந்த நாளிலிருந்து 7? அதற்குள் வாங்கியவர் என்ன செய்து முடித்திருக்க வேண்டும்? இரண்டுக்கும் இதில் பதில் இல்லை.

கைப்பை விற்கும் தோழி ஒருத்தி, வாடிக்கையாளருடன் நடந்த சண்டையை என்னிடம் காட்டினாள். ஆர்டர் வந்தது 1ஆம் தேதி. இவள் கூரியரில் போட்டது 3. பார்சல் போய்ச் சேர்ந்தது 6. ‘நிறம் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன்’ என்று மெசேஜ் வந்தது 12. தோழி ஆர்டர் நாளிலிருந்து எண்ணி, ‘8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது’ என்றாள். வாங்கியவர் பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணி, ‘13 வரை இருக்கிறதே’ என்றார். சரி என்று இவள் இறங்கி வந்தபோது அடுத்த சண்டை: ‘அப்படியானால் 13க்குள் பை என் கைக்கு வந்துவிட வேண்டும்.’ அவரோ, ‘சொன்னால் போதும் என்றுதானே நினைத்தேன்’ என்றார்.

பாலிசியை வைத்துப் பார்த்தால் இருவர் சொன்னதும் சரி. அதுதான் கோளாறு. பணம் கட்டியவர் தளத்திலோ வங்கியிலோ புகார் கொடுத்தால், இரண்டு விதமாகப் படிக்க முடிகிற வரியைக் காட்டி நீங்கள் வாதாட முடியாது.

எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது, அதற்குள் என்ன செய்ய வேண்டும், பொருளை எப்போது அனுப்ப வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அவளுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்:

‘பார்சல் கிடைத்த நாளுக்கு மறுநாளை முதல் நாளாக வைத்து, 7 நாட்களுக்குள் எங்களுக்கு மெசேஜ் அனுப்புங்கள். கிடைத்த நாள் என்பது கூரியர் டிராக்கிங்கில் காட்டும் தேதி. நாங்கள் சரி என்று பதில் சொன்ன பிறகு 5 நாட்களுக்குள் பொருளைக் கூரியரில் போட்டு, ரசீதின் போட்டோவை அனுப்புங்கள். அதன்பின் கூரியரில் தாமதமானால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.’

இதை அதே கதைக்குப் பொருத்திப் பாருங்கள். பார்சல் கிடைத்தது 6, அதனால் மெசேஜுக்குக் கடைசி நாள் 13. 12ஆம் தேதி வந்த மெசேஜ் செல்லும். தோழி 13 அன்று சரி சொன்னால், 18க்குள் கூரியரில் போட வேண்டும். பை 19 அன்று வந்து சேர்ந்தாலும் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பணத்துக்கும் இதே கணக்குதான். ‘ரீஃபண்ட் 5 நாளில்’ என்றால், வாங்கியவர் மெசேஜ் அனுப்பிய நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். ‘பொருள் எங்களிடம் வந்து சேர்ந்த 5 நாட்களுக்குள், நீங்கள் பணம் கட்டிய வழியிலேயே திருப்பி அனுப்புவோம், வங்கியில் வரவாக அதற்கு மேலும் சில நாள் ஆகலாம்’ என்று எழுதுங்கள். உங்கள் கையில் இருப்பது அனுப்பும் நாள் மட்டும்தான். வரவாகும் நாளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

கூரியர் செலவு யார் தலையில்?

உடைந்ததோ, மாறிப்போனதோ அனுப்பியிருந்தால் போக வர இரண்டு செலவும் உங்களுடையது. பிடிக்கவில்லை என்று திருப்பினால் திரும்பி வரும் செலவு அவருடையது என்று பல சிறு விற்பனையாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதலில் அவர் கட்டிய டெலிவரி கட்டணம் திரும்புமா, திரும்பாதா? இந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எப்படி வைத்தாலும் எழுதி வையுங்கள். சில நாடுகளில் சட்டமே இதைத் தீர்மானித்துவிடும், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘பயன்படுத்தாத நிலையில்’

போட்டுப் பார்ப்பது பயன்படுத்துவதா? கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை எழுதுங்கள்: ‘டேக் அறுக்காமல், துவைக்காமல், கறை இல்லாமல். வீட்டில் ஒருமுறை அளவு பார்க்கலாம்.’

‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’

பழுதான பொருளுக்கு இந்த வரி பெரும்பாலான இடங்களில் செல்லாது.

படமாக மட்டும் போடுவது

படத்தில் உள்ள எழுத்தை வாங்குபவர் எளிதில் காப்பி செய்ய முடியாது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடரும் பல நேரம் படிக்காது. அதே வரிகளைக் கீழே டைப் செய்தும் போடுங்கள்.

தேதி போடாமல் திருத்துவது

கடைசியாக மாற்றிய தேதியை மேலே போடுங்கள். ஆர்டர் வந்த அன்று இருந்த பாலிசிதான் அந்த ஆர்டருக்கு என்றும் ஒரு வரி சேருங்கள். பழைய பதிப்பின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று உங்களிடம் இருக்கட்டும், வாங்கியவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்.