நோக்க வாசகத்திலிருந்து அளக்கக்கூடிய சந்தை இலக்கு

ஏற்காட்டில் காப்பித்தூள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் நோக்க வாசகம், “சேர்வராயன் மலைக் காப்பியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்ப்பது” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதிலிருந்து இலக்கு எழுதுமுன், அளக்கத்தக்க சொல் எது என்று தேட வேண்டும். இங்கே அது “வீடு”.

வலுவற்றது: சேலத்தில் நம் காப்பித்தூள் விற்பனையைப் பெருக்குவோம்.

வலுவானது: சேலம் மாநகரில் மாதம் ஒருமுறையேனும் நம்மிடம் தூள் வாங்கும் வீடுகளை, இப்போதுள்ள 120-இலிருந்து வரும் மார்ச் மாதத்துக்குள் 180 ஆக உயர்த்துவோம்.

முதல் வாக்கியத்தில் எண்ணும் கெடுவும் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய குறை, அது தவறான பொருளை அளக்க இடம் தருவதுதான்: ஒரே ஓட்டல் மாதம் 50 கிலோ வாங்கத் தொடங்கினால், புதிதாக ஒரு வீடுகூடச் சேராமலே விற்பனை பெருகிவிடும், நோக்கமோ நிறைவேறாது.

120 என்ற தொடக்க எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. பில்லில் கைப்பேசி எண்ணையும் ஊரையும் குறித்துவைத்தால், அந்த மாதத்தில் வாங்கிய சேலம் வீடுகளை, ஓர் எண்ணை ஒரு வீடாகக் கொண்டு, எண்ணிவிடலாம். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குச் சேலத்திலிருந்து வருபவர்களில் பலர் ஒருமுறை மட்டும் வாங்கிச் செல்பவர்களாக இருக்கக்கூடும் என்பதால், அம்மாதக் கணக்கைத் தொடக்க எண்ணாகக் கொள்ளாதிருப்பதே சரி.