1900 நெட்டாண்டா? நூற்றாண்டு வருடங்களைச் சரிபார்க்கும் முறை

கல்லடியில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில், உயர்தர மாணவர் ஒருவர் பைதனில் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். வருடத்தைக் கொடுத்தால் அது நெட்டாண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். தன் பிறந்த வருடம், தங்கச்சியின் பிறந்த வருடம், 2000, 2024 என்று வரிசையாகப் போட்டுக் காட்டினார். எல்லாம் சரி. "1900 போட்டுப் பாருங்க மகன்" என்றேன். `True` என்று வந்தது.

"நாலால பிரிபடுதுதானே சேர், அப்ப லீப் வருசம்தானே?"

இல்லை. 1900 பெப்ரவரிக்கு 28 நாட்கள்தான். நாலால் வகுபட்டால் நெட்டாண்டு என்ற அரை விதி, 1901 முதல் 2099 வரை ஒரு தடவைகூடப் பிழைக்காது. இடையில் வரும் ஒரே நூற்றாண்டு வருடமான 2000 உண்மையிலேயே நெட்டாண்டு. நம் வீட்டில் யாருடைய பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது. அதனால் நூற்றாண்டு வருடங்களைத் தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

முதலில் கையால்

முழு விதி இதுதான்: 4ஆல் வகுபட்டால் நெட்டாண்டு, ஆனால் 100ஆல் வகுபட்டால் அல்ல, அதிலும் 400ஆல் வகுபட்டால் மீண்டும் நெட்டாண்டு.

கடைசி இரண்டு இலக்கமும் 00 என்றால் அது நூற்றாண்டு வருடம். அப்போது 400ஆல் நீள்வகுத்தல் செய்யத் தேவையில்லை. இரண்டு பூச்சியத்தையும் வெட்டிவிட்டு, மிஞ்சியதை 4ஆல் வகுத்தால் போதும்.

1900இல் 00ஐ வெட்டினால் 19. நாநான்கு பதினாறு, மீதி 3. வகுபடவில்லை, ஆகவே நெட்டாண்டு அல்ல. 2000இல் 20 மிஞ்சும். ஐந்நான்கு இருபது, மீதி இல்லை, ஆகவே நெட்டாண்டு. 2100இல் 21, மீதி 1, அல்ல. அடுத்து 22, 23 இரண்டும் வகுபடாது. 24 மீதியில்லாமல் வகுபடும், எனவே 2000க்குப் பிறகு நெட்டாண்டாக வரும் முதல் நூற்றாண்டு வருடம் 2400.

இதில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பூச்சியத்தை வெட்டிய பிறகும் பழைய நினைவில் 1900ஐயே 4ஆல் வகுத்து, 475 வருகிறதே என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்லியாயிற்று. இப்போது வகுக்க வேண்டியது 19ஐ.

ஏன் 400? சூரியனை வைத்துக் கணக்கிடும் வருடம் ஏறத்தாழ 365.2422 நாட்கள். நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூட்டினால் சராசரி 365.25 ஆகிவிடும். மிகை கொஞ்சம்தான், ஆனால் 400 வருடத்தில் அது மூன்று நாளாகச் சேர்ந்துவிடும். அந்த மூன்றையும் மூன்று நூற்றாண்டு வருடங்களில் கழித்து, நாலாவதை விட்டுவிடுகிறோம்.

பிறகு கிழமையை வைத்து

விதியை விதியாலேயே சரிபார்ப்பதில் எனக்குத் திருப்தி கிடையாது. வேறு வழியாகவும் அதே விடை வர வேண்டும். அதற்குக் கிழமை இருக்கிறது.

365 நாள் என்றால் 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே சாதாரண வருடம் முடிந்தால் ஜனவரி 1 ஒரு கிழமை தள்ளி வரும். நெட்டாண்டு முடிந்தால் இரண்டு கிழமை தள்ளி வரும். 1900 ஜனவரி 1 திங்கள். 1901 ஜனவரி 1 செவ்வாய். ஒன்றுதான் தள்ளியிருக்கிறது, அப்படியானால் 1900க்கு 365 நாட்கள். 2000 ஜனவரி 1 சனி. 2001 ஜனவரி 1 திங்கள். நடுவில் ஞாயிறு தாண்டப்பட்டிருக்கிறது, 366 நாட்கள்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1900 பெப்ரவரி 28 புதன், அடுத்த நாள் வியாழன் மார்ச் 1. அந்த வாரத்தில் அச்சான பழைய பத்திரிகையின் தலைப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2000இல் பெப்ரவரி 28 திங்கள், மார்ச் 1 புதன். நடுவில் இருந்த செவ்வாய்தான் பெப்ரவரி 29.

இந்த வேலைக்கு எக்செலை நம்ப வேண்டாம். பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அது 1900ஐ வேண்டுமென்றே நெட்டாண்டாக வைத்திருக்கிறது. ஒரு கலத்தில் இதைப் போடுங்கள்:

```
=DATE(1900,3,1)-DATE(1900,2,28)
```

விடை 1 வர வேண்டும். எக்செல் 2 தரும். லிப்ரே ஆபீஸ் கல்க் வழமையான அமைப்பில் 1 தரும். 1900 மார்ச் 1க்கு முந்திய திகதிகளுக்கு எக்செல் சொல்லும் கிழமையும் ஒரு நாள் பிசகும்.

கடைசியாக நிரலை

மாணவர் வீட்டுக்குப் போய் 100, 400 நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கிழமை வந்தார். அப்போதும் 1900க்கு `True`தான்.

```python
def leap(y):
    if y % 4 == 0:
        return True
    elif y % 100 == 0:
        return False
    elif y % 400 == 0:
        return True
    return False
```

மூன்று நிபந்தனையும் இருக்கின்றன, ஒழுங்குதான் பிழை. 100ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4ஆலும் வகுபடும். ஆகவே 1900 முதல் வரியிலேயே விடை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிடம் எந்த நூற்றாண்டு வருடமும் போய்ச் சேராது. இறுக்கமான கேள்வியை முதலில் கேட்க வேண்டும்:

```python
def leap(y):
    if y % 400 == 0:
        return True
    if y % 100 == 0:
        return False
    return y % 4 == 0
```

சோதிக்க நாலு வருடம் போதும்: 2023, 2024, 1900, 2000. வர வேண்டியது `False`, `True`, `False`, `True`. 1900 பிழைத்தால் 100இன் நிபந்தனை இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. 2000 பிழைத்தால் 400ஐ விட்டுவிட்டீர்கள். 2000ஐ மட்டும் போட்டுப் பார்த்து 'நூற்றாண்டு வருடமும் சரி' என்று முடிவுகட்டக் கூடாது. அரை விதியும் அதற்குச் சரியான விடைதான் சொல்லும். 1900ஐயும் 2000ஐயும் சேர்த்தே போடுங்கள்.

சரி, 1700 போட்டால்? 17ஐ 4ஆல் வகுக்க மீதி 1, விதிப்படி அல்ல. ஆனால் இந்த விதி 1582இல்தான் நடைமுறைக்கு வந்தது, எல்லா நாடும் ஒரே நேரத்தில் ஏற்கவும் இல்லை. ஹாலந்து 1583இல் மாறிவிட்டது. பிரித்தானியா 1752இல்தான் மாறியது. ஆகவே 1700இல் நம் மட்டக்களப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தருக்கு பெப்ரவரி 28க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதே வருடம் லண்டனில் பெப்ரவரி 29 இருந்தது. பழைய ஆவணத்தில் 1800க்கு முந்திய திகதி ஒன்றைக் கண்டால், வகுத்துப் பார்க்கும் முன் அது யாருடைய கலண்டர் என்று கேளுங்கள்.