12 லட்சமா, 7 லட்சமா? கார் லீஸ் கணக்கில் சறுக்கும் இடங்கள்

போன மாதம் அக்கா மகன் ஒரு நோட்டுடன் வீட்டுக்கு வந்தான். மதுரை கே.கே.நகரில் வீடு, மேலூரில் வேலை. பஸ்ஸில் போய் வந்து அலுத்துவிட்டது, கார் எடுக்கப் போகிறான். நோட்டில் இரண்டே வரிகள். கடனில் வாங்கினால் 12 லட்சத்து 8 ஆயிரம். லீஸில் எடுத்தால் 7 லட்சத்து 65 ஆயிரம். "நாலரை லட்சம் மிச்சம் மாமா, லீஸ்தான்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, அவன் கொண்டு வந்த கடன், லீஸ் தாள்களைப் பார்த்துவிட்டு, "இ.எம்.ஐ. 16,801, லீஸ் வாடகை 21,240. இதுல என்னடா மிச்சம்? கடன்தான் லாபம்" என்றார். அதே இரண்டு தாள், நேர் எதிரான இரண்டு முடிவு. இரண்டு பேர் கணக்கும் தப்பு. இதே இடத்தில் பலரும் சறுக்குவதால், அன்று போட்ட கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் விவரம். காரின் ஆன்ரோடு விலை 10 லட்சம். முன்பணம் 2 லட்சம், மீதி 8 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 5 வருடக் கடன். லீஸ் 3 வருடம். மாத வாடகை 18,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 21,240. இன்சூரன்ஸும் சர்வீஸும் வாடகைக்குள் அடக்கம். 50,000 டெபாசிட், முடிவில் திரும்பக் கிடைக்கும்.

பையனின் தவறு, 60 மாதத்தையும் 36 மாதத்தையும் எதிரெதிரே வைத்தது. 5 வருடம் கட்டி முடித்தவன் வாசலில் ஒரு கார் நிற்கும். 3 வருட லீஸ் முடிந்தவன் வாசலில் ஒன்றும் நிற்காது, மறுநாள் மறுபடி பஸ்தான். அப்பாவின் தவறு, மாதத் தொகையை மட்டும் பார்த்தது. முன்பணம் 2 லட்சம் அவர் கண்ணில் படவே இல்லை, இன்சூரன்ஸும் படவில்லை.

சரி, இரண்டையும் ஒரே 36 மாதத்துக்குக் கொண்டு வருவோம். மூன்று வருடம் கழித்துக் காரை விற்றுவிட்டதாக வைத்துக்கொண்டால்தான் ஒப்பீடு நேராக நிற்கும். அதற்கு 36ஆவது மாதத்தில் கடன் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டும். இங்கே பலர் "8 லட்சத்தில் ஐந்தில் மூன்று பங்கு கட்டியாச்சு, பாக்கி 3,20,000" என்று குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஆரம்ப மாதங்களின் இ.எம்.ஐ.யில் வட்டிப் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் குறையும். எக்செலில் இந்த ஒரு வரியைப் போட்டால் பாக்கி வந்துவிடும்:

```
=FV(9.5%/12,36,16801,-800000)
```

விடை ஏறக்குறைய 3,66,000. குத்துமதிப்பை விட 46,000 கூடுதல்.

இப்போது கூட்டுவோம். முன்பணம் 2,00,000. 36 இ.எம்.ஐ. 6,04,800. கடன் பாக்கி 3,66,000. மொத்தம் 11,70,800. மூன்று வருடம் ஓடிய கார் 6 லட்சத்துக்கு விலை போனால், கையை விட்டுப் போனது 5,70,800. முதல் வருட இன்சூரன்ஸ் ஆன்ரோடு விலைக்குள் வந்துவிட்டது. அடுத்த இரண்டு வருடத்துக்கு இன்சூரன்ஸ் 38,000, சர்வீஸ் 25,000 என்று வைத்தால் 6,33,800.

கூட்டியது சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. காரின் மதிப்பு இறங்கியது 4 லட்சம். மூன்று வருடத்தில் கட்டிய வட்டி ஏறக்குறைய 1,70,800. இன்சூரன்ஸும் சர்வீஸும் 63,000. மூன்றையும் கூட்டினால் அதே 6,33,800 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒன்றை இரண்டு தடவை சேர்த்திருக்கிறீர்கள், அல்லது விட்டிருக்கிறீர்கள். நான் இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் எந்தத் தாளையும் நம்புவதில்லை.

இன்னும் இரண்டு சில்லறை இருக்கிறது. முன்பணம் 2 லட்சம் 7 சதவீத டெபாசிட்டில் கிடந்திருந்தால் மூன்று வருடத்தில் 45,000 தந்திருக்கும். கடனை நடுவில் அடைக்கக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பாக்கியில் 3 சதவீதம் என்றால் 11,000. ஆக, வாங்கும் வழியில் செலவு 6,89,800. லீஸ் பக்கம் வாடகை 7,64,640, டெபாசிட் முடங்கியதில் போன வட்டி 11,000, ஆக ஏறக்குறைய 7,75,600. வாங்குவது 86,000 ரூபாய் மலிவு. நாலரை லட்சம் எங்கே, இது எங்கே! மாதாமாதம் வாங்குபவனுக்கு மிச்சமாகும் பணத்தின் வட்டியை நான் சேர்க்கவில்லை. அது சிறியது, அதுவும் வாங்கும் பக்கம்தான் சாயும்.

அதற்குள் அத்தான் ஜெயித்த மாதிரி சிரித்தார். அவசரப்பட வேண்டாம். இந்த 86,000 முழுக்க 6 லட்சம் என்ற ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. கார் 5,14,000க்கு மட்டுமே விலை போனால் இரண்டும் சமம். அதற்குக் கீழே போனால் லீஸ்தான் மலிவு. அதனால் மறுவிற்பனை விலையை "பாதிக்கு மேல போகும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதே மாடல், அதே வேரியன்ட், மூன்று வயது, ஓட்டமும் ஏறக்குறைய அதே. அப்படி நாலைந்து வண்டிகளுக்கு மதுரையில் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சொல்லும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் இன்னும் குறைத்துக் கேட்பார்கள். இதுவரை போட்ட கணக்கில் சமப்புள்ளி 5,14,000. உங்கள் மனதில் இருக்கும் விலைக்கும் அதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால்தான் வாங்குவது லாபம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த விலையை லீஸ் பக்கமும் கழிப்பவர்கள் உண்டு. கூடாது. வாடகை என்பதே விலைக்கும் முடிவு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மாதங்களுக்குப் பிரித்து, வட்டியும் லாபமும் சேர்த்துப் போட்டதுதான். இறங்கும் மதிப்பை அவர்கள் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டார்கள். லீஸ் முடிவில் அந்தக் காரையே வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அந்தத் தொகையைக் கூட்டுங்கள். ஆனால் அப்போது எதிர்ப்பக்கமும் காரை விற்காமல் வைத்திருப்பவனாக மாற்றிப் போட வேண்டும்.

வட்டியிலும் ஒரு வழுக்கல் உண்டு. வேறொரு தாளில் வட்டி "5.2%" என்று போட்டிருந்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம். கீழே சின்ன எழுத்தில் ஃப்ளாட் என்று இருந்தது. 8 லட்சத்துக்கு 5.2 சதவீதம், 5 வருடம்: 2,08,000. நம்முடைய 9.5 சதவீதக் கடனில் 60 மாதத்துக்கும் கட்டும் மொத்த வட்டியும் அதேதான். குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குப் போடும் வட்டி ஒன்று, கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் போடும் வட்டி இன்னொன்று. சதவீதத்தை விட்டுவிட்டு இ.எம்.ஐ.யை மாதங்களால் பெருக்கி, அசலைக் கழித்துப் பாருங்கள். அப்புறம் ஃப்ளாட் ஏமாற்ற முடியாது.

கடைசியாகக் கிலோமீட்டர். அந்த லீஸில் வருடத்துக்கு 12,000 கி.மீ. வரம்பு, மேலே போனால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய். மேலூருக்குத் தினம் போய் வந்தாலே, இடையில் அழகர்கோவில், ஊர்த் திருவிழா என்று சேர்த்து வருடம் 16,000 ஓடும். கூடுதல் 4,000 கி.மீ.க்கு வருடம் 32,000, மூன்று வருடத்தில் 96,000. லீஸ் தாளின் முதல் பக்கத்தில் இந்தத் தொகை இருக்காது. இதையும் லீஸ் பக்கம் கூட்டினால் சமப்புள்ளி 4,18,000க்கு இறங்கிவிடும். சொந்தக் காரும் அதே அளவு ஓடினால் மறுவிற்பனையில் அடி வாங்கத்தான் செய்யும், அதனால் மேலே சொன்ன விலையை 48,000 கி.மீ. ஓடிய வண்டிகளை வைத்துத்தான் பார்க்கச் சொன்னேன்.

பையன் நோட்டில் இருந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, கீழே 4,18,000 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் பார்க்கப் போகிறானாம், விலை கேட்க மட்டும்.