அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்: ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு முழிச்ச கதை

அப்பாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. ஏஜென்ட் வாட்ஸ்அப்ல ரெண்டு பாலிசியோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார், வருஷ பிரீமியம் ஒண்ணுல 24,780, இன்னொண்ணுல 19,500. சின்னதுக்கே பணம் கட்டப் போனேன், நல்லவேளை தேதியப் பாத்தேன். பெரிய தொகை 2025 ஆகஸ்ட்ல எடுத்தது, அதுல 18% ஜிஎஸ்டி இருக்கு. செப்டம்பர் 22லருந்து தனிநபர் பாலிசிக்கு அந்த வரியே இல்ல, கழிச்சா 21,000தான்.

அடுத்தது கவர். சின்னதுல 10 லட்சம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, பெருசு பண்ணிப் பாத்தா அடில பொடி எழுத்துல 5 லட்சம் பேஸ், மீதி போனஸ். அதாவது க்ளைம் பண்ணாம இருந்தா வருஷா வருஷம் சேருறது. இன்னொண்ணும் 5 லட்சம்தான், ஆக ரெண்டும் ஒண்ணு.

விலக்கு எதுவும் ஸ்க்ரீன்ஷாட்ல வராது, பாலிசி வேர்டிங் பிடிஎஃப் கேட்டு வாங்கினேன். சுகருக்கு ரெண்டுலயும் 3 வருஷம் வெயிட்டிங், அதுவரை அதுக்கு க்ளைம் கிடையாது. ஆனா 19,500ல 20% கோ-பே இருக்கு, 4 லட்சம் பில்னா 80,000 நம்ம கைலருந்து போகும்.

பத்து வருஷக் கணக்குக்கு பிரீமியம் பாக்குற பக்கத்துல வயச மட்டும் 61, 66னு மாத்திப் போட்டேன். மொதல்ல சொன்னது 21,000, 27,000, 33,000னு ஏறுது, மூணு வருஷம், அஞ்சு வருஷம், ரெண்டு வருஷம்னு பெருக்கினா 2,64,000. மத்தது இதே மாதிரி 2,47,500. இது இன்னைய ரேட்தான், கம்பெனி ஏத்தினா ரெண்டுமே ஏறும். வித்தியாசம் வெறும் 16,500, ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்கு காணாது, அதனால 21,000ஐயே எடுத்தாச்சு.