இருநூறு குறிகளுக்குள் காரணம் எங்கே?

மட்டக்களப்பில் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் பயிலுநர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இவர்கள் லிங்க்ட்இன் தளத்தில் அனுப்பும் இணைப்புக் கோரிக்கைகளை அவ்வப்போது வாசித்துப் பார்ப்பேன். பத்து வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய அதே வரிகளை அப்படியே எழுதுகிறார்கள். எழுத்துப்பிழையைப் பற்றியோ மங்கலான படத்தைப் பற்றியோ இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித்தருவார்கள்.

காரணம் இருக்க வேண்டிய இடத்தில் புகழ்ச்சி

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கட்டணம் செலுத்தாத கணக்கில் கோரிக்கையோடு சேர்க்கும் குறிப்புக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 200 குறிகள்தான் இடம். கட்டணக் கணக்கென்றால் 300. கல்முனையிலிருந்து வரும் பயிலுநர் தம்பி ஒருவர், கொழும்பில் இருக்கும் மூத்த கணக்காய்வாளருக்கு எழுதியதை என்னிடம் காட்டினார்:

"வணக்கம் ஐயா. நான் கல்முனையைச் சேர்ந்தவன். தற்போது கணக்காய்வுத் துறையில் பயிலுநராகப் பணியாற்றுகிறேன். உங்கள் அனுபவம் என்னை மிகவும் கவர்ந்தது. உங்களோடு இணைவதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன்."

மரியாதையான குறிப்புத்தான். ஆனால் 186 குறிகள் செலவாகிவிட்டன, எதற்காக இணைய வேண்டும் என்பது ஓரிடத்திலும் இல்லை. கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் 85 குறிகள். அவற்றை எந்தத் துறையில் யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். பெறுபவர் ஒரு நாளில் இப்படிப் பல குறிப்புகளைப் பார்க்கிறார். "ஏன் என்னிடம் வருகிறார்?" என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் அவர் மறுக்கவும் மாட்டார், ஏற்கவும் மாட்டார். கோரிக்கை அங்கேயே கிடக்கும்.

"அவரிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டேன். தம்பி தயங்காமல் சொன்னார்: "அக்கா, அம்பாறைப் பக்கம் நெல் ஆலையில் கையிருப்பு எண்ணப் போயிருந்தோம். வாங்கும்போது ஈரத்தோடு நிறுத்த எடைதான் புத்தகத்தில் இருக்கிறது. மூட்டைகள் காய்ந்த பிறகு எடை குறைகிறது. அந்த வித்தியாசத்தை எப்படிக் காட்டுவதென்று தெரியவில்லை. அவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்."

இவ்வளவு நல்ல காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் "பெரும் பேறு" என்று எழுதியிருந்தார்! உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"வணக்கம். நான் கல்முனையில் கணக்காய்வுப் பயிலுநர். நெல் ஆலைகளின் கையிருப்பை எண்ணுவது பற்றி நீங்கள் எழுதியது எனக்கு உதவியது. ஈரப்பதத்தைக் கழிப்பது பற்றி ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்."

இது 182 குறிகள். முன்னதைவிடச் சிறிது குறைவுதான், ஆனால் யார், எதைப் படித்து வந்தார், என்ன வேண்டும் என்ற மூன்றும் உள்ளே வந்துவிட்டன. தன்னைப் பற்றிய பகுதி 87 குறிகளிலிருந்து 39 ஆகச் சுருங்கியது. காரணத்துக்கான இடம் அங்கிருந்தும் புகழ்ச்சியிலிருந்தும் வந்தது. கேள்வியை முழுவதுமாக எழுத வேண்டாம். கேள்வி எதைப் பற்றியது என்று சொன்னால் போதும். மீதியை இணைந்த பிறகு கேட்கலாம்.

எழுத்தை எண்ணி ஏமாறுதல்

தமிழில் எழுதுபவர்கள் இதில் தவறாமல் மாட்டிக்கொள்கிறார்கள். "களுவாஞ்சிக்குடி" நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. குறிப்பை எழுதும் பெட்டிக்கோ அது பதினைந்து குறிகள். "கு" என்பதில் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணப்படுகிறது. "ஞ்" என்பதிலும் புள்ளி தனியாகச் சேரும். இருநூறு குறிகளில், இடைவெளிகளையும் சேர்த்தே, தமிழ் எழுத்துகள் நூற்றிருபது, நூற்று முப்பது அளவில்தான் அடங்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் காரணத்தை எழுதிவிட்டு, எஞ்சிய இடத்தில் உங்களைப் பற்றி எழுதினால் வெட்ட நேர்ந்தாலும் காரணம் தப்பிக்கும்.

பெயரையும் பட்டத்தையும் மறுபடி எழுதுதல்

வேண்டாம். குறிப்புக்கு மேலேயே தெரிகின்றன.

முதல் குறிப்பிலேயே வேலை கேட்டல்

கேட்காதீர்கள்.

அவசரமாக அனுப்பிவிட்டுத் திரும்பப் பெறுதல்

அனுப்பிய குறிப்பைத் திருத்த முடியாது. நான் பயிலுநராக இருந்தபோது, கொழும்பில் ஒருவருக்கு வெறும் "இணைவதில் மகிழ்ச்சி" என்று அனுப்பினேன். நன்றாக எழுதி மீண்டும் அனுப்பலாம் என எண்ணிக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன். திரும்பப் பெற்றால் அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாதென்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் அறிவித்திருந்த பயிலுநர் இடத்துக்கு விண்ணப்ப நாள் அதற்குள் முடிந்துவிட்டது. கைபேசியில் Connect பொத்தானைத் தொட்டதுமே குறிப்பில்லாமல் கோரிக்கை போய்விடும் திரைகளும் உண்டு. ஆகவே குறிப்பை முதலில் வேறிடத்தில் எழுதி, எண்ணி, ஒருமுறை வாய்விட்டு வாசித்த பிறகே நான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்.