உடல்நல அறிவுக் கேள்வித்தாள்: 0.7-ஐத் துரத்தும்போது நடக்கும் தவறுகள்

நர்சிங், சமுதாய மருத்துவ ஆய்வேடுகளில் "கருவியின் நம்பகத்தன்மை 0.78" என்று ஒரே வரி இருக்கும். 0.7-ஐத் தொட்டால் போதும் என்பது பலரின் கணக்கு. அந்த எண் எப்படி வந்தது, எந்தக் கேள்வி அதைத் தாங்கியது, எது கெடுத்தது என்று பெரும்பாலும் இருக்காது. முதன்மை ஆய்வுக்கு முன் சிலரிடம் கேட்டுப் பார்க்கும் பைலட் செய்வதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசலாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றித் தாய்மார்களுக்கு என்ன தெரியும் என்று அறிய 10 கேள்விகள். பைலட்டில் 40 தாய்மார்கள். சரியான விடைக்கு 1, மற்றதற்கு 0. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

இப்படி 0, 1 மதிப்பெண்ணுக்கு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற உள்ஒத்திசைவை அளக்க KR-20 போடுவார்கள். 1937-இல் கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் எழுதிய கட்டுரையின் 20-ஆம் சூத்திரம் என்பதால் அந்தப் பெயர். 1951-இல் க்ரோன்பாக் பிரபலமாக்கிய ஆல்ஃபா இதன் பொது வடிவம். 0, 1 தரவில் இரண்டும் ஒரே விடைதான் தரும்.

```
KR-20 = k/(k-1) × (1 - Σpq/σ²)
```

k கேள்விகளின் எண்ணிக்கை. p சரியாகச் சொன்னவர்களின் பங்கு, q மீதிப் பங்கு. σ² மொத்த மதிப்பெண்ணின் மாறுபாடு. நம் பைலட்டில் Σpq 1.76, σ² 4 என்றால், 10/9 × 0.56 = 0.62. "0.7 வரவில்லையே" என்ற பதற்றம் இங்கேதான் தொடங்குகிறது. உடனே எந்தக் கேள்வியையும் தூக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள்.

"கழிப்பறை போய்வந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டுமா?" இதற்கு 40 பேரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். p 1, q 0. தெரிந்தவரையும் தெரியாதவரையும் இது பிரித்துக் காட்டவில்லை. SPSS மென்பொருள் இதைத் தானே விலக்கிவிட்டு மீதி 9 கேள்விகளுக்குக் கணக்குப் போடும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் "10 கேள்விகளின் ஆல்ஃபா" என்று எழுதுபவர்கள் உண்டு. "எந்தெந்த நேரங்களில் கை கழுவுவீர்கள்?" என்று கேட்டு, அவர்களாகச் சொல்வதைக் குறித்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது இன்னும் முக்கியம். "ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும்?" விடைக்குறிப்பில் 1 லிட்டர். பாதிப் பேர் சரி. ஆனால் இந்தக் கேள்விக்கும் மற்ற கேள்விகளின் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் `Corrected Item-Total Correlation` பத்தியில் −0.12. அதாவது மற்ற கேள்விகளில் நன்றாகச் சொன்னவர்கள்தான் இதில் சற்று அதிகமாகத் தவறியிருக்கிறார்கள். குறைக்குறி வந்தால் முதலில் விடைக்குறிப்பையும் தரவு உள்ளிட்டதையும் சரிபாருங்கள். அவை சரியென்றால் கேள்வியில் கோளாறு. கடையில் 21 கிராம் அளவுள்ள பெரிய பாக்கெட்டும் இருக்கிறது, 4 கிராம் அளவுள்ள சிறியதும் இருக்கிறது. சிறியதற்கு 200 மில்லி தண்ணீர். அதை வாங்கிப் பழகிய தாய் "ஒரு டம்ளர்" என்று சரியாகத்தான் சொன்னார், நாம் சுழி போட்டோம். விடை வாங்கியதும் "ஏன் அப்படிச் சொன்னீங்கம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பைலட்டன்றே தெரிந்திருக்கும். இந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா ஏறும். ஆனால் கரைசலைச் சரியாகக் கலக்கத் தெரியுமா என்பதே இந்த ஆய்வின் உயிர். நீக்காமல், பெரிய பாக்கெட்டின் படத்தைக் காட்டி "இதற்கு எவ்வளவு தண்ணீர்?" என்று மாற்றுங்கள்.

ஆல்ஃபாவைப் போலியாக ஏற்றும் வழிகளும் உண்டு. துத்தநாக மாத்திரை எத்தனை நாள் என்பதையே வார்த்தை மாற்றி மூன்று முறை கேட்டால் எண் ஏறும். ஆனால் அளந்த அறிவு அதிகமாகிவிடாது. கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே எண் ஏறும்: இதே தரத்தில் 20 கேள்விகள் இருந்தால் 0.62 என்பது சுமார் 0.77 ஆகும்.

இதைவிட ஆபத்தானது, எல்லாக் கேள்விக்கும் "ஆம்" சரியான விடையாக இருப்பது. ஆய்வாளர் மனம் கோணக்கூடாது என்று எதற்கும் ஆமாம் போடுகிறவர் முழு மதிப்பெண் வாங்குவார். இந்தப் பழக்கம் எல்லாக் கேள்வியிலும் ஒரே திசையில் ஓடுவதால் உள்ஒத்திசைவு அழகாகத் தெரியும். அது பழக்கத்தின் ஒத்திசைவு, அறிவினுடையது அல்ல. "வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்த வேண்டும்" போன்ற தவறான கூற்றுகளைச் சரிபாதி கலந்து வையுங்கள். "தெரியாது" என்ற விடையும் இருக்கட்டும், இல்லையென்றால் ஊகித்துச் சொல்வார்கள். மதிப்பெண்ணில் அது 0 தான். ஆனால் தரவில் தவறான விடைக்கும், விட்டுப்போனதற்கும், தெரியாததற்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும்.

அறிவுக் கேள்விகளோடு "மருத்துவரை நம்புகிறேன்" போன்ற மனப்பான்மைக் கூற்றுகளைச் சேர்த்து ஒரே ஆல்ஃபா போடக்கூடாது. அவற்றுக்குத் தனிக் கணக்கு.

எல்லாம் சரிசெய்த பிறகும் 0.65-இல் நின்றால்? கை கழுவத் தெரிந்தவருக்குத் துத்தநாகம் 14 நாள் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறிவு துண்டு துண்டாகத்தான் இருக்கும். அப்போது பாட வல்லுநர்கள் உள்ளடக்கத்தைச் சரிபார்த்த விவரத்தையும், அதே தாய்மார்களிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் விடை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

40 பேரிடம் கிடைத்த ஆல்ஃபா ஆள் மாறினால் கணிசமாக ஆடும். அதனால் நம்பக இடைவெளியோடு எழுதுங்கள். திருத்திய கேள்வித்தாளை வேறு தாய்மார்களிடம் மறுபடி பைலட் செய்யுங்கள். பைலட்டில் இருந்தவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள். முதன்மைத் தரவு வந்ததும் அதற்கும் KR-20 கணக்கிட்டு, பைலட் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.